துணைநூற்பட்டியலை எம்.எல்.ஏ. முறையில் ஒரே சீராக்குவது எப்படி?

"சென்னையில் தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். துணைநூற்பட்டியலில் ஏறக்குறைய இருநூறு பதிவுகள் இருக்கின்றன. சில நூலகத்தில் குறித்தவை, சில பிறர் ஆய்வேடுகளிலிருந்து எடுத்தவை, சில இணையத்தில் கிடைத்தவை. ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. எல்லாவற்றையும் எம்.எல்.ஏ. முறையில் ஒரே சீராக்கித் தரச் சொல்கிறார் நெறியாளர். தலைப்பெழுத்து பெயருக்கு முன்னா, பின்னா? பழைய பதிப்புகளுக்கு எந்த ஆண்டைப் போடுவது? எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை."

கால்புள்ளி, முற்றுப்புள்ளி எதையும் இப்போது தொடாதீர்கள். பட்டியலை வேர்டில் வைத்துக்கொண்டு வரிவரியாகத் திருத்தத் தொடங்கினால் ஐம்பதாவது பதிவை எட்டும்போது முதல் பத்தில் என்ன முடிவு எடுத்தோம் என்பது மறந்துவிடும். ஆய்வேடுகளின் பட்டியல்களைச் சரிபார்ப்பது என் வேலை. அவற்றில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை நிறுத்தக்குறிக் குழப்பங்கள் அல்ல. இந்த நூலுக்கு ஆசிரியர் யார், இது எந்த ஆண்டு வந்த பதிப்பு என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரியாததால் வந்தவை. அந்தப் பதில்கள் கிடைத்துவிட்டால் வரிசையும் புள்ளியும் ஒரு சூத்திரத்தால் வந்துவிடும்.

எனவே முதல் வேலை, ஒவ்வொரு பதிவையும் கூறுகளாகப் பிரித்து விரிதாளில் போடுவது. எக்செல் ஆனாலும் லிப்ரே ஆபிஸ் ஆனாலும் சரி. எம்.எல்.ஏ. ஒன்பதாம் பதிப்பு ஒரு பதிவுக்குச் சொல்லும் வரிசை இது: ஆசிரியர், நூலின் அல்லது கட்டுரையின் தலைப்பு, அதை உள்ளடக்கிய பெரிய நூல் அல்லது இதழ், பிற பங்களிப்பாளர், பதிப்பு, தொகுதி எண், வெளியீட்டாளர், ஆண்டு, பக்கம். தனி நூலுக்கு இதில் பாதிகூடத் தேவைப்படாது. ஆகவே நூல்களுக்கு ஒரு தாள், கட்டுரைகளுக்கு ஒரு தாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நூல் தாளில் ஏழு நெடுவரிசைகள் போதும்: அகரவரிசைச் சொல், ஆசிரியர், தலைப்பு, பங்களிப்பாளர், பதிப்பு, வெளியீட்டாளர், ஆண்டு. எட்டாவதாக உங்களுக்கு மட்டுமான ஒரு நெடுவரிசை: இந்தத் தகவல் எதைப் பார்த்து எழுதியது, நூலையா, முகப்பின் படத்தையா, வேறொருவர் பட்டியலையா? அச்சில் வராத இந்த நெடுவரிசைதான் உங்கள் வேலையை மிச்சப்படுத்தும்.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஒரே பட்டியலில் இந்த நான்கு வரிகளும் இருப்பதாக விளக்கத்துக்காக எழுதிக் காட்டுகிறேன்.

உ.வே.சா., புறநானூறு, சென்னை, 1894

டாக்டர் உ.வே.சாமிநாதையர் பதிப்பு, புறநானூறு மூலமும் உரையும், மறுபதிப்பு, சென்னை-90

சாமிநாத ஐயர், உ. வே. (ப.ஆ.), புறநானூறு, கஅகூச

ஐயர், யு.வி.எஸ்., புறநானூறு, மதராஸ், 1894

பார்ப்பதற்கு நான்கு நூல்கள். முதலில் மூன்றாவது வரியைப் பாருங்கள். "கஅகூச" என்பது எழுத்துப்பிழை அல்ல, அச்சகத்தின் பெயருமல்ல. பழைய முகப்புகளில் ஆண்டைத் தமிழ் எண்களில் அச்சிடுவது உண்டு. ௧௮௯௪ என்ற எண்களைப் படத்திலிருந்து எழுத்தாக மாற்றும் மென்பொருளோ, அவசரத்தில் தட்டச்சு செய்பவரோ க, அ, கூ, ச என்று எடுத்துக்கொண்டதன் விளைவு அது. ஆக இதுவும் 1894தான். நான்காவது வரி ஓர் ஆங்கிலப் பட்டியலிலிருந்து வந்திருக்க வேண்டும். "சாமிநாதையர்" என்ற பெயரின் கடைசிப் பகுதியைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு "ஐயர்" என்று முன்னால் தள்ளியிருக்கிறார்கள். ஆகவே ஒன்று, மூன்று, நான்கு ஆகிய மூன்றும் ஒரே நூல்: உ.வே. சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட முதற்பதிப்பு. இரண்டாவது மட்டும் பின்னர் வந்த மறுபதிப்பு. அதற்கு ஆண்டு இல்லை.

இந்த இடத்தில் கை பரபரக்கும். இரண்டாவது வரிக்கும் 1894 என்று போட்டு முடித்துவிடலாம் என்று தோன்றும். போடக் கூடாது. நீங்கள் எதைப் படித்தீர்களோ அதுவே பட்டியலில் இருக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் இயல்களில் கொடுத்திருக்கும் பக்க எண்கள் அந்தப் பதிப்புக்கு மட்டுமே பொருந்தும். எதைப் படித்தோம் என்பதே நினைவில்லை என்றால் அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் இயலிலிருந்து பக்க எண்ணோடு கூடிய ஒரு மேற்கோளை, முன்னுரையிலிருந்தோ உரையிலிருந்தோ, எடுங்கள். முதற்பதிப்பின் படத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அந்த வரி அங்கே இருந்தால் நீங்கள் படித்தது முதற்பதிப்பு. இல்லையென்றால் மறுபதிப்பு. இரண்டு மூன்று மேற்கோள்களில் இப்படிப் பார்த்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும். மறுபதிப்பு என்று தெரிந்தால் அதன் முகப்பைப் பார்த்து ஆண்டை எடுக்கும்வரை அந்தக் கட்டம் வெற்றாகவே இருக்கட்டும். பாடலை மட்டும் சுட்டும் இடங்களில் இந்தச் சிக்கலே எழாது. "யாதும் ஊரே" எந்தப் பதிப்பிலும் 192ஆம் பாடல்தான். ஆகவே பாட்டுக்குப் பாட்டெண், உரைக்கும் முன்னுரைக்கும் பக்க எண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆசிரியர் கட்டம். புறநானூற்றுக்குச் சாமிநாதையர் ஆசிரியர் அல்லர், பதிப்பாசிரியர். பல புலவர்கள் பாடிய தொகை நூல் என்பதால் ஆசிரியர் கட்டத்தை வெற்றாக விட்டுத் தலைப்பில் தொடங்கலாம். அல்லது பதிப்பாசிரியரை முன்னால் நிறுத்தி "பதிப்பாசிரியர்" என்று சேர்க்கலாம். இரண்டுக்கும் எம்.எல்.ஏ. முறையில் இடமுண்டு. எதைத் தேர்வது? உங்கள் ஆய்வு பாடல்களைப் பற்றியது என்றால் தலைப்பில் தொடங்குங்கள். பதிப்பு வரலாற்றையோ பாடவேறுபாட்டையோ பற்றியது என்றால் பதிப்பாசிரியரில் தொடங்குங்கள். எதுவானாலும் எட்டுத்தொகை, பத்துப்பாட்டு நூல்கள் அனைத்துக்கும் அதே முடிவுதான். அகநானூறு தலைப்பின் கீழும் புறநானூறு பதிப்பாசிரியரின் கீழும் நிற்கக் கூடாது.

வெளியீட்டாளர் கட்டத்தில் இந்த நூலுக்கு ஒரு சலுகை உண்டு. எம்.எல்.ஏ. முறையில் பொதுவாக ஊர்ப் பெயர் கொடுப்பதில்லை. ஆனால் 1900க்கு முன் வந்த நூல்களுக்கு வெளியீட்டாளருக்குப் பதிலாக ஊரைக் கொடுக்கலாம். அச்சுக்கூடத்தின் பெயரை வெளியீட்டாளராகக் கொள்வதா, பதிப்பித்தவரே வெளியிட்டவரா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு முகப்புகளைப் பார்த்துக் குழம்புபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆக 1894ஆம் ஆண்டுப் பதிப்புக்கான மூன்று வரிகளும் இந்த ஒரே வரியாக முடிகின்றன:

புறநானூறு மூலமும் உரையும். பதிப்பாசிரியர் உ. வே. சாமிநாதையர், சென்னை, 1894.

தலைப்பை முகப்பில் உள்ளபடியே எடுங்கள். "எட்டுத்தொகையுள் ஒன்றாகிய" போன்ற அடைமொழியை விடலாம். "மூலமும் உரையும்" என்பதை விடாதீர்கள், மூலம் மட்டும் உள்ள பதிப்புகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அந்தச் சொற்கள்தான். மறுபதிப்பைப் பயன்படுத்தியிருந்தால் தலைப்பை அடுத்து முற்றுப்புள்ளியிட்டு 1894 என்ற முதல் ஆண்டைக் கொடுத்து, பிறகு பதிப்பாசிரியர், பதிப்பு, வெளியீட்டாளர், கையில் உள்ள நூலின் ஆண்டு என்று போங்கள். முதல் ஆண்டு கட்டாயமில்லை. ஆனால் தமிழ் ஆய்வில் அதைக் கொடுப்பது நல்லது என்பது என் கருத்து. 1894ஆம் ஆண்டின் உழைப்பு நூறாண்டு கழித்து வந்ததாகப் பட்டியலில் தோன்றுவது படிப்பவருக்குத் தவறான வரலாற்றைச் சொல்கிறது.

இனி நீங்கள் கேட்ட தலைப்பெழுத்து. பட்டியலில் பின்னால் போகும்: "சாமிநாதையர், உ. வே." ஆங்கிலேயர் முறையைப் பின்பற்றுவதற்காக அல்ல, அகரவரிசையில் தேடுபவர் "சா"வில்தான் தேடுவார் என்பதற்காக. உ. என்பது உத்தமதானபுரம் என்ற ஊர், வே. என்பது தந்தையின் பெயர். இரண்டும் அடையாளங்கள், தேடும் பெயர் அல்ல. இயலுக்குள்ளும், பங்களிப்பாளர் கட்டத்திலும், பெயர் இயல்பான வரிசையிலேயே இருக்கும்: "உ. வே. சாமிநாதையர்". ஒரே பெயர் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக நிற்பது முரண்பாடு அல்ல, முறையே அதுதான்.

இந்த விதி எளிது. ஆனால் தமிழ்ப் பெயர்களில் அதை இயந்திரம்போல் செலுத்தினால் சேதம் வரும். "டாக்டர்", "முனைவர்", "பேராசிரியர்", "மகாமகோபாத்தியாய" ஆகியவற்றை நீக்க வேண்டும். அதே வேகத்தில் "திரு." என்பதையும் மொத்தமாகத் தேடி நீக்கினால் திரு.வி.க. வெறும் வி.க. ஆகிவிடுவார். அங்கே "திரு" மரியாதைச் சொல் அல்ல, திருவாரூர். அவர் "கலியாணசுந்தரனார், திரு. வி." என்று வர வேண்டும். மு.வ., தெ.பொ.மீ. போன்று பெயரே தலைப்பெழுத்தாகச் சுருங்கியவர்களை விரித்து எழுதுங்கள்: "வரதராசன், மு.", "மீனாட்சிசுந்தரனார், தெ. பொ." ஒரே ஆசிரியர் ஒரு நூலில் வரதராசன், மற்றொன்றில் வரதராசனார் என்று இருந்தால் ஒன்றைத் தேர்ந்து எல்லாப் பதிவுகளிலும் அதையே வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே மனிதர் பட்டியலில் இருவராகி இடம் பிரிந்து நிற்பார். ரா.பி. சேதுப்பிள்ளை சில இடங்களில் இரா.பி. ஆகவும், எஸ். வையாபுரிப்பிள்ளை சில இடங்களில் ச. வையாபுரிப்பிள்ளை ஆகவும் வருவதும் இதே வகைதான்.

பெயரின் இறுதியில் வரும் பிள்ளை, ஐயர், முதலியார் போன்றவற்றைத் துண்டித்து முன்னால் கொண்டுவர வேண்டாம். வையாபுரிப்பிள்ளை வகரத்தில்தான் வர வேண்டும், பகரத்தில் அல்ல. இணையத்தில் உள்ள சில பட்டியல்களிலிருந்து நேரடியாகத் தரவிறக்கும்போது இந்தத் தவறு உங்களுக்குத் தெரியாமலே உள்ளே வந்துவிடும். அதேபோல் மறைமலையடிகள், இளங்கோவடிகள், பாரதிதாசன் போன்ற பெயர்களுக்குள் எங்கும் கால்புள்ளி போடக் கூடாது. அவை முழுச்சொற்கள்.

உரையாசிரியர் விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். திருக்குறள் பரிமேலழகர் உரையைப் பயன்படுத்தினால் ஆசிரியர் கட்டத்தில் திருவள்ளுவர். பரிமேலழகர் பங்களிப்பாளர் கட்டத்துக்குப் போவார், "உரை பரிமேலழகர்" என்று. இக்காலத்தில் அந்த உரைக்கு விளக்கக் குறிப்பு எழுதிப் பதிப்பித்தவர் ஒருவர் இருந்தால் அவரும் அதே கட்டத்தில், உரையாசிரியருக்குப் பின்னால் வருவார். இந்த மூவரில் யார் பெயர் அட்டையில் பெரிதாக இருக்கிறதோ அவரையே ஆசிரியராக எடுத்துக்கொள்ளும் பழக்கம் மிகப் பரவலாக இருக்கிறது. அட்டையைப் பார்க்காமல் உள்ளே முகப்பைப் பார்த்தால் இந்தத் தவறு நேராது. பதிப்பாசிரியருக்கு (ப.ஆ.), (பதி.), தொகுப்பாசிரியருக்கு (தொ.ஆ.), (தொகு.) என்று ஆளுக்கொரு சுருக்கம் புழங்குகிறது. எனக்குச் சுருக்கமே வேண்டாம் என்று தோன்றுகிறது. முழுச்சொல்லை எழுதினால் ஒரு வரி நீளும், அவ்வளவுதான்.

ஆண்டுக் கட்டத்துக்கு வருவோம். தமிழ் எண்களைச் சொல்லிவிட்டேன். திருவள்ளுவர் ஆண்டு மட்டும் இருந்தால் 31ஐக் கழியுங்கள்: 2030 என்பது 1999. தை பிறக்கும் முன்னரான சனவரி நாள்களில் வெளிவந்தது என்று திட்டமாகத் தெரிந்தால் மட்டும் 30. அறுபதாண்டுச் சுழற்சியின் பெயர் மட்டும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். "விசய ஆண்டு" என்பது 1893-94ஆகவும் இருக்கலாம், 1953-54ஆகவும் இருக்கலாம், 2013-14ஆகவும் இருக்கலாம். எது என்பதைத் தாளும் அச்சும் முன்னுரையில் குறிப்பிடப்படும் மனிதர்களும் சொல்லிவிடுவார்கள். ஆனால் சனவரிக்கு முன்னா பின்னா என்பது மாதம் தெரியாமல் முடிவாகாது. அப்போது "1893-94" என்று இரண்டையும் கொடுப்பதே நேர்மை. இப்படிக் கணக்கிட்டுப் பெற்ற ஆண்டை, நூலில் அச்சாகாத ஆண்டு என்பதைக் காட்டச் சதுர அடைப்புக்குள் இடுங்கள்.

தமிழ்ப் பதிப்புலகில் "பதிப்பு" என்ற சொல் ஒவ்வொரு அச்சுக்கும் வழங்குகிறது. "ஐந்தாம் பதிப்பு" என்று போட்டிருக்கும் நூலில் ஒரு வரிகூட மாறியிருக்காது. மாறியதா இல்லையா என்று நீங்கள் ஆராய வேண்டியதில்லை. நூலில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதைப் பதிப்புக் கட்டத்தில் எழுதுங்கள், எண்ணை மட்டும் ஒரே வடிவில்: "5ஆம் பதிப்பு". முதற்பதிப்புக்கு அந்தக் கட்டம் வெற்று. முகப்பின் பின்பக்கத்தில் ஐந்து ஆண்டுகள் வரிசையாக இருந்தால் கடைசி ஆண்டுதான் கையில் உள்ள நூலின் ஆண்டு.

வெளியீட்டாளரை விரைவாக முடித்துவிடலாம். "கழகம்", "கழக வெளியீடு", "சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம்", "தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம்" ஆகியவை எல்லாம் ஒரே நிறுவனம். ஒரு வடிவத்தைத் தேர்ந்து விரிதாளில் மொத்தமாக மாற்றுங்கள். "பிரைவேட் லிமிடெட்", தெருப்பெயர், அஞ்சல் குறியீடு எதுவும் வேண்டாம். ஊர்ப்பெயர் 1900க்குப் பின் தேவையில்லை என்பதால் மதராஸா சென்னையா என்ற கவலையும் இல்லை. நெறியாளர் ஊர் வேண்டும் என்று சொன்னால் தனியாக ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரே நாளில் முடிவு மாறினாலும் சூத்திரத்தில் ஓரிடத்தைத் திருத்தினால் போதும், இருநூறு வரிகளையும் தொட வேண்டாம்.

கட்டுரைகளின் தாளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பழைய தமிழ் இதழ்கள் தொகுதிக்கும் எண்ணுக்கும் தங்களுக்கென்று பெயர் வைத்துக்கொண்டன. செந்தமிழ்ச் செல்வியில் ஆண்டுத் தொகுதிக்குச் "சிலம்பு" என்றும் தனி இதழுக்குப் "பரல்" என்றும் பெயர். இது தெரியாமல் "சிலம்பு" என்பதைக் கட்டுரைத் தலைப்பின் பகுதியாகச் சேர்த்துவிட்ட பட்டியல்கள் உண்டு. "சிலம்பு" தொகுதிக் கட்டத்தில், "பரல்" எண் கட்டத்தில். பிற இதழ்களில் "மலர்", "இதழ்" என்று வருவதும் இப்படித்தான். இதழ் தந்த பெயரை அப்படியே காப்பதா, எல்லாவற்றையும் "தொகுதி", "எண்" என்று மாற்றுவதா? மாற்றுங்கள் என்பேன். பட்டியல் ஒரே சீராக இருக்கும், நூலகத்தில் கேட்பவருக்கும் குழப்பம் வராது.

தகவலைச் சரிபார்க்கச் சென்னையில் இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி வெளியீட்டாளர்கள் படி அனுப்ப வேண்டிய நூலகங்களில் எழும்பூர் கன்னிமாராவும் ஒன்று, ஆகவே அதற்குப் பிந்தைய நூல்களுக்கு அங்கே தொடங்குங்கள். அதற்கு முந்தைய அச்சு நூல்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம், சாமிநாதையர் பதிப்புகளுக்குப் பெசன்ட் நகரில் அவர் பெயரில் உள்ள நூலகம். போகுமுன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் முகப்புப் படம் கிடைக்கிறதா என்று பாருங்கள், பல பயணங்கள் மிச்சமாகும். எட்டாவது நெடுவரிசையில் "பிறர் பட்டியல்" என்று குறித்த பதிவுகளை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொண்டு போனால் போதும்.

கட்டங்கள் நிரம்பியபின் வரியாகக் கோப்பதற்கு இந்தச் சூத்திரம். B ஆசிரியர், C தலைப்பு, D பங்களிப்பாளர், E பதிப்பு, F வெளியீட்டாளர், G ஆண்டு.

```
=IF(B2="","",B2&". ")&"_"&C2&"_. "&IF(D2="","",D2&", ")&IF(E2="","",E2&", ")&IF(F2="","",F2&", ")&G2&"."
```

ஆண்டு தவிர்த்த கட்டங்களில் ஏதேனும் வெற்றாக இருந்தால் அதற்குரிய நிறுத்தக்குறியும் வராமல் இருக்கத்தான் இத்தனை IF. ஒன்றைக் கவனியுங்கள்: ஆசிரியர் கட்டத்தில் "சாமிநாதையர், உ. வே" என்று கடைசிப் புள்ளி இல்லாமல் எழுத வேண்டும். புள்ளியைச் சூத்திரம் சேர்க்கும். நீங்களும் போட்டால் "வே.." என்று இரட்டிக்கும். முதல் ஆண்டைக் கொடுக்க விரும்பும் மறுபதிப்புகளுக்கு அதைப் பங்களிப்பாளர் கட்டத்தின் தொடக்கத்திலேயே "1894. பதிப்பாசிரியர் ..." என்று எழுதிவிடலாம்.

தலைப்பின் இருபுறமும் உள்ள அடிக்கோடு, சாய்வெழுத்துக்கான அடையாளம். சூத்திரத்தின் விளைவில் ஒரு பகுதியை மட்டும் சாய்க்க முடியாது. எனவே வேர்டில் ஒட்டியபின் தேடி மாற்றும் பெட்டியில் Use wildcards என்பதைத் தேர்ந்து, கீழுள்ளதில் முதல் வரியைத் தேடி, இரண்டாவதை மாற்றாகக் கொடுத்து, மாற்றுக்குரிய எழுத்து வடிவத்தில் Italic தேர்ந்தெடுங்கள்.

```
_([!_]@)_
\1
```

தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வெழுத்து தனியாக வடிக்கப்படவில்லை. மென்பொருள் நேரெழுத்தைத் தள்ளிச் சாய்க்கிறது, பார்க்க நன்றாக இராது. தமிழ் நூல் தலைப்புகளைத் தடித்த எழுத்திலும் ஆங்கிலத் தலைப்புகளைச் சாய்விலும் கொடுக்க அனுமதி உண்டா என்று நெறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

Zotero போன்ற மென்பொருளைப் பற்றியும் கேட்பீர்கள். ஆங்கில நூல்களுக்கும் ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கும் தயங்காமல் பயன்படுத்துங்கள். தமிழ்ப் பெயர்களுக்கு மட்டும், முதலில் இரண்டு பதிவுகளை உள்ளிட்டு அச்சு வடிவைப் பாருங்கள். குடும்பப் பெயர், முதற்பெயர் என்ற இரு கட்ட அமைப்பு ஐரோப்பியப் பெயர்களை மனத்தில் வைத்து உருவானது. தமிழ் எழுத்தில் கொடுத்த பெயருக்கும் தலைப்பெழுத்துக்கும் இடையே கால்புள்ளி வராமல் போனால் அந்தப் பெயர்களை ஒற்றைக் கட்டத்துக்கு மாற்றி, "சாமிநாதையர், உ. வே." என்று நீங்களே வரிசைப்படுத்தி எழுதிவிடுங்கள். உரையாசிரியருக்கு அதில் தனிக் கட்டம் கிடையாது, ஆகவே உரையைத் தலைப்போடு சேர்க்க வேண்டியிருக்கும். தமிழ் நூல்களே மிகுதி என்றால் விரிதாளே போதும் என்பது என் முடிவு.

கடைசியாக அகரவரிசை. கணினியில் தமிழ் எழுத்துகளுக்குத் தரப்பட்டுள்ள எண்வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அல்ல. அதில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் நிற்கிறது. ற என்பது ர-வை ஒட்டி நிற்கிறது. புள்ளி வைத்த மெய் உயிர்மெய்க்குப் பின்னால் போய்விடுகிறது. ஆகவே எண்வரிசைப்படி அடுக்கினால் மணிமேகலை, மனோன்மணீயம், மலைபடுகடாம் என்று வரும். சரியான வரிசை மணிமேகலை, மலைபடுகடாம், மனோன்மணீயம். அதேபோல் பத்துப்பாட்டு பதிற்றுப்பத்துக்கு முன்னால் வர வேண்டும். எண்வரிசை அதைப் பின்னால் தள்ளும். லிப்ரே ஆபிஸில் Data, Sort, Options என்று போய் மொழியைத் தமிழாகத் தேர்ந்து, முதல் நெடுவரிசையில் உள்ள அகரவரிசைச் சொல்லைக் கொண்டு அடுக்குங்கள். பிறகு இந்த இரண்டு சோடிகளும் சரியாக வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் மற்றவையும் சரியாக இருக்கும்.

அடுக்கியபின் ஒரே ஆசிரியர் இரண்டு இடங்களில் தென்பட்டால் பெயரில் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு இருக்கிறது என்று பொருள். "ஔ" என்ற ஓரெழுத்துக்குப் பதில் "ஒ", "ள" என்று இரண்டெழுத்து தட்டியிருப்பார்கள், அல்லது துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் "ர" இருக்கும். திரையில் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. அந்தப் பெயரை அழித்துவிட்டு, சரியான பதிவிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். அதன்பின் இயல்களைத் திறந்து, அடைப்புக்குள் வரும் ஒவ்வொரு சுட்டலுக்கும் பட்டியலில் பதிவு இருக்கிறதா என்றும், பட்டியலின் ஒவ்வொரு பதிவும் ஏதேனும் ஓர் இயலில் சுட்டப்பட்டிருக்கிறதா என்றும் இருபுறமும் பார்த்துவிடுங்கள். சுட்டப்படாதவற்றை நீக்குவதா, "பார்வை நூல்கள்" என்று தனியே பிரிப்பதா என்பதை உங்கள் துறையின் வழக்கத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.